மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம்: தண்ணீரின் கணக்கு

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வரவேற்பறைக் கூரையில் பழுப்பாக ஒரு வட்டம். மேலே போனால் சரியாக அதே இடத்தில், பாதியாக வெட்டிய நீல டிரம்மில் முருங்கை. மேஸ்திரியும் நானும் டிரம்மைச் சாய்த்துப் பார்த்தோம். அடி ஓட்டை வழியாக இறங்கிய வேர் தட்டோட்டின் இணைப்புக்குள் நூல் நூலாக நுழைந்திருந்தது. நாலு நாளாக மழையே இல்லை, ஆனாலும் அந்த இடம் சொதசொத என்றிருந்தது. “மழை வந்து போயிடும் சார், இந்த ஈரம் போகவே போகாது” என்றார் மேஸ்திரி.

மாடித் தோட்டத்தில் எடை, ஒழுகல், வடிகால் என்று மூன்று கவலைகளைத் தனித்தனியாகப் பேசுவார்கள். மூன்றுக்கும் மூலம் தண்ணீர்தான். அதன் வழியிலேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் எடை. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் வரலாம் என்று வைத்துத்தான் இந்தியத் தரநிலைப்படி கான்கிரீட் தளத்தை வடிவமைக்கிறார்கள். சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. இதில் நடமாடும் ஆட்களின் எடையும் அடக்கம்.

கடையில் பரவலாகக் கிடைக்கும் 12 அங்குல வளர்ப்புப் பை ஏறக்குறைய ஒரு சதுர அடியை அடைத்துக்கொள்ளும். பத்து அங்குல உயரத்துக்கு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். தோட்டத்து மண் நனைந்தால் லிட்டருக்கு 1.8 கிலோ வரை வரும், ஆக ஒரு பை 32 கிலோ. தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு என்று கலந்தால் நனைந்த பிறகு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான், பை 18 கிலோவில் நிற்கும். பைகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் இரண்டுமே 14 கிலோவைத் தாண்டிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் கலவையின் எடையை நீங்களே பார்த்துவிடலாம். ஓட்டை போட்ட பத்து லிட்டர் வாளியில் நிரப்பி, நன்றாக நனைத்து, சொட்டுவது நின்றதும் தராசில் தூக்குங்கள். காய்ந்த மூட்டையின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

பத்துக்குப் பத்தடி இடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டடிக்கு ஒன்றாக 25 பைகள் வைக்கலாம், செடிக்கும் அந்த இடைவெளி வேண்டும். இலேசான கலவை என்றால் மொத்தம் 450 கிலோ, சதுர அடிக்கு நாலரை. மண் என்றால் 800 கிலோ, சதுர அடிக்கு எட்டு. இரண்டும் தாங்கும்தான். அப்புறம் ஒரு ஐப்பசி இரவில் குப்பை அடைத்து மழைநீர்க் குழாய் நின்றுபோகிறது. கைப்பிடிச் சுவருக்குள் நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதுவே சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். இலேசான கலவை வைத்தவர் வீட்டில் பாரம் 14 கிலோவைத் தொட்டு நிற்கிறது. மண் நிரப்பியவர் வீட்டில் 17-ஐத் தாண்டிவிட்டது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. நாலு அங்குலம் என்பது வெறும் பத்து செ.மீ.தான்.

பாதி டிரம்மில் நூறு லிட்டர் மண் நனைந்தால் 180 கிலோ. அது நிற்பது மூன்று சதுர அடிக்கும் குறைவான இடத்தில். இப்படிப்பட்டதைத் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது, தளம் அதிகமாக வளைவது நடுவில்தான். கீழ் வீட்டுக்குப் போய், சுவரும் பீமும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு, அவற்றுக்கு நேர் மேலே வையுங்கள். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கும், அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் தளத்துக்கும் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு பை கூட வேண்டாம். சன்ஷேடில் எந்த வீட்டிலும் வேண்டாம்.

அடுத்தது ஒழுகல். நல்ல தட்டோட்டுத் தளத்தில் மழை விழுந்தால் வாட்டத்தில் ஓடி, வெயிலில் காய்ந்துவிடும். தொட்டியின் அடியில் காய வழியில்லை. மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஈரம் மெதுவாக உள்ளே இறங்கி ஒருநாள் கம்பியை எட்டும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பிக் காரையைத் தள்ளுகிறது. கீழே முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பிறகு பழுப்புக் கறை வரும், அதன் பிறகு தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். பழுப்புக் கறை வந்துவிட்டால் மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை.

ஆகவே, தொட்டி வாங்கும் முன்பே தளத்தைச் சோதித்துவிட வேண்டும். மழை இல்லாத இரண்டு நாள் போதும். குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, மேட்டுப் பகுதியும் மூழ்கும்படி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். வாட்டத்தால் பள்ளத்தில் ஆழம் கூடும். அங்கே நாலு அங்குலத்துக்கு மேல் போகுமானால், நடுவே மணல்மூட்டை வரப்புக் கட்டிப் பாதி பாதியாகச் சோதியுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே ஓர் அகலமான டப்பில் அதே அளவு நீர் வைத்துவிடுங்கள். வெயிலில் இரண்டிலும் ஆவியாகும். டப்பில் குறைந்ததைவிட மாடியில் அதிகம் குறைந்தால், துணி அடைப்பு கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மீதி தளத்துக்குள்தான் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கூரையையும் அடுத்த நாள் பாருங்கள். பூச்சோ ஓடு மாற்றமோ செய்வதாக இருந்தால் இப்போதே செய்யுங்கள். 25 பைகளை நகர்த்திவிட்டுச் செய்ய யாருக்கும் மனம் வராது.

தளத்தின் மேல் பாலித்தீன் விரிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஓரத்தில் நுழையும் நீர் அடியில் மாட்டிக்கொள்ளும். அதைவிடத் தொட்டிகளைச் செங்கல் மேல் நாலு அங்குலம் உயர்த்தி வைப்பதே நல்லது. காற்று போகும், வேர் ஓட்டையை விட்டு எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும், கிள்ளிவிடலாம். செங்கல்லை ஓட்டைக்கு நேராக வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். இரும்பு ஸ்டாண்டாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கடப்பா கல் துண்டு போடுங்கள், மெல்லிய கால் தட்டோட்டை உடைத்துவிடும்.

இனி தொட்டிக்குள் வடிகால். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நெடுநாள் பழக்கம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி கொட்டும். எந்தக் கலவையிலும் அடிப்பகுதியில் ஓரளவு உயரத்துக்கு நீர் வடியாமலே நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை மறைவதில்லை, ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. போதாததற்கு எடை வேறு. ஜல்லியை விட்டுவிட்டு முழு உயரத்துக்கும் கலவையையே நிரப்புங்கள். கலவை கொட்டாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுத்துண்டு போதும். மண் ஈரமாக இருந்தும் தக்காளி நண்பகலில் துவண்டு போனால், வேருக்குக் காற்றில்லாமல் போயிருக்கலாம். அப்போது இன்னும் ஊற்றாதீர்கள்.

வடிந்த நீர் குழாய்க்குப் போக வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். பை வரிசைகளை அந்த வாட்டத்தோடு ஓட விடுங்கள், குறுக்கே போட்டால் ஒவ்வொரு வரிசையும் ஓர் அணையாகிவிடும். குழாய் வாயைச் சுற்றி இரண்டடி காலியாக விட்டு, மேலே கூடை மாதிரி குவிந்த கம்பி வலை வையுங்கள். தட்டையான வலையை ஒரே ஒரு பூவரச இலை அடைத்துவிடும். நார்த்தூள் இன்னும் மோசம், படிந்து பாய் மாதிரி இறுகிவிடுகிறது. மாடி நீர் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகிற வீடாக இருந்தால், தொட்டியிலிருந்து வடியும் பழுப்பு நீர் அதில் சேராமல் தனி வால்வு வைத்து வெளியே திருப்பிவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒருமுறை அந்த வலையைத் தூக்கித் தட்டுங்கள், ஒரு குடம் நீரை ஊற்றி, கீழே குழாய் முனையில் அது வருகிற வேகத்தைப் பாருங்கள்.