பங்காளிச் சண்டையில் கடையை மூடுவது: பெயரை எடுத்துவிட்டால் கடன் போய்விடாது

மலேசியாவில் தொழில் பங்காளியோடு பேச்சு முறிந்ததும் பலர் முதலில் ஓடுவது நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்முக்குத்தான். வியாபாரத்தை முடிக்கும் படிவமான போராங் சி போட்டு வியாபாரப் பதிவை ரத்து செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறார்கள். முடிவது பதிவு மட்டும்தான். சரக்கு கொடுத்தவர் பாக்கிக்கு உங்கள் வீட்டுக்கு வக்கீல் கடிதம் அனுப்பினால், ரத்துச் சான்றிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது. சாதாரணப் பங்குத் தொழிலில் கடையின் கடன் பங்காளிகளின் சொந்தக் கடன். கடன்காரர் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். உங்கள் பங்காளியின் பாகத்தை நீங்கள்தான் பிறகு அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கூட்டை முறிப்பது 1961 பங்குத் தொழில் சட்டத்தின்படி நடக்கிறது. காலவரையறை எதுவும் பேசாமல் தொடங்கிய கூட்டு என்றால், ஒரு பங்காளி மற்றவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாலே போதும், அவர்கள் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் முதலில் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். இத்தனை ஆண்டு என்றோ, இருவரும் ஒப்புக்கொண்டால்தான் கலைக்கலாம் என்றோ அதில் எழுதியிருந்தால், உங்கள் நோட்டீஸ் மட்டும் போதாது. அப்போது நீதிமன்றம் போக வேண்டிவரும். நோட்டீஸில் கூட்டு முடியும் தேதியை எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பாதீர்கள். தபால் ரசீது பின்னால் பெரிதும் உதவும்.

அதே நாளில் வங்கிக்கும் போங்கள். ஒருவர் கையெழுத்தே போதும் என்றிருக்கும் கணக்கில், சண்டை தொடங்கிய வாரத்திலேயே பணம் காலியாவது வழக்கம். இருவர் கையெழுத்துக்கு மாற்ற மற்றவரையும் கூட்டி வாருங்கள் என்று கவுண்டரில் சொல்வார்கள். வர மறுப்பவரை எப்படிக் கூட்டி வருவது? பங்காளிகளிடையே தகராறு, ஒருவர் கையெழுத்தில் பணம் தர வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அடுத்த பொறி, பழைய சப்ளையர்கள். அரசிதழில் விளம்பரம் போட்டால் இதுவரை உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்களுக்கு அது போதும். ஏற்கெனவே சரக்கு கொடுத்து வருபவருக்குத் தனித்தனியாகத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால், மற்றவர் கடை பெயரில் புதிதாக எடுக்கும் கடனும் உங்கள் தலையில் விழலாம். “எல்லாக் கடனையும் நானே கட்டுகிறேன்” என்று பங்காளி எழுதிக் கொடுத்தாலும் அது உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும். கடன்காரரும் உங்களை விடுவிப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். கடை வாடகைக்கோ வங்கிக் கடனுக்கோ நீங்கள் தனியாக ஜாமீன் போட்டிருந்தால் அதை எழுத்தில் ரத்து வாங்கும்வரை அது உயிரோடுதான் இருக்கும்.

இனி கணக்கு. அதிகச் சண்டை இங்கேதான், அதுவும் தப்பான கணக்கால். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மூத்த பங்காளி 60,000 ரிங்கிட் முதல் போட்டார், இளையவர் 20,000. லாபம் சரிபாதி. மூத்தவர் பின்னால் 10,000 கடனாகவும் கொடுத்தார். சரக்கு, டெபாசிட், ஃபிரிட்ஜ் எல்லாம் விற்று 1,00,000 வந்தது. வெளிக்கடன் 50,000.

முதலில் வெளிக்கடன் 50,000 அடைய வேண்டும். பிறகு மூத்தவர் கொடுத்த 10,000. வட்டியைத் தள்ளிவைத்தால் மிச்சம் 40,000. இதை ஆளுக்கு இருபதாயிரம் என்று பிரிப்பது தவறு. போட்ட முதல் மொத்தம் 80,000, மிஞ்சியது 40,000, ஆக நஷ்டம் 40,000. லாபத்தைப் பிரிக்கும் விகிதத்தில்தான் நஷ்டமும், ஆளுக்கு 20,000. மூத்தவருக்கு 40,000 திரும்பும், இளையவருக்கு ஒன்றும் இல்லை. விற்று 70,000தான் வந்தது என்றால் மிச்சம் 10,000, நஷ்டம் ஆளுக்கு 35,000. அப்போது இளையவர் தன் கையிலிருந்து 15,000 போட வேண்டும். விகிதம் எதுவும் பேசாத கூட்டில் சட்டம் சரிபாதி என்றே எடுத்துக்கொள்ளும், முதல் கூடக்குறைய இருந்தாலும்.

இந்தக் கணக்கு தெரியாமல் அவசரத்தில் “ஆளுக்குப் பாதி” என்று கையெழுத்திட்டுவிட்டால், பிறகு அதை மாற்றுவது கஷ்டம். அதனால் கூட்டு முடிந்த தேதிக்குச் சரக்கை எண்ணி, இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று தயாரியுங்கள். மற்றவர் வர மறுத்தால் நடுவராக ஒரு கணக்காளர் முன்னிலையில் எண்ணி, படம் எடுத்து வையுங்கள். கடைச் சாவியும் கணக்குப் புத்தகமும் ஒரே ஆள் கையில் இருக்க விடாதீர்கள்.

போராங் சி இதற்குப் பிறகுதான் என்று ஆறப்போடவும் கூடாது. தொழில் நின்ற 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்முக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றப் பங்காளியின் கையெழுத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் சோர்ந்து போகாதீர்கள். கூட்டு முடிந்ததைத் தெரிவிக்கத் தேவையான கையெழுத்தைத் தரும்படி பங்காளியைக் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதைப் பதிவுத் தபாலில் கேளுங்கள், மறுத்தால் வக்கீல் மூலம் நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். உங்களுக்கு வர வேண்டிய பங்கு, கூட்டு முடிந்த நாளிலிருந்து உங்களுக்குத் தர வேண்டிய கடனாகிவிடுகிறது. அதைக் கேட்க 6 ஆண்டுதான் அவகாசம்.