பதிவிறக்கம் தொடங்கினால் பிங் ஏன் எகிறுகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: மகன் இணையத்தில் விளையாடும்போது மகள் ஒரு படத்தைப் பதிவிறக்கினால் போதும், 14 மில்லிவினாடியாக இருந்த பிங், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம், 400ஐத் தாண்டுகிறது. இணைப்பு 30 மெகாபிட். ரௌட்டரை வடகிழக்கு மூலைக்கு மாற்றும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். மூலையை மாற்ற ரௌட்டரை அணைத்திருப்பார்கள், பதிவிறக்கமும் நின்றிருக்கும். சற்று நேரம் வாஸ்து பலித்ததுபோல்தான் தெரியும்!

செம்பனை ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். எடைமேடையில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் ஏற முடியும். முற்றம் சிறியதானால், நிறைந்ததும் காவலாளி லாரியைத் திருப்பி அனுப்புவார். தோட்டத்தில் இருப்பவர் புரிந்துகொண்டு நிதானிப்பார். முற்றம் திடல் போல் பெரியதானால் யாரையும் திருப்ப வேண்டியதில்லை. தோட்டமும் லாரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவசரக் கடிதத்தோடு வரும் மோட்டார் சைக்கிளும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இணையத்திலும் இதேதான். பெரும்பாலான பதிவிறக்கங்களில், தரவைச் சுமந்து வரும் சிறு பொட்டலம் ஒன்று தொலைந்தால்தான் அனுப்புகிற கணினி வேகத்தைக் குறைக்கும். நினைவகம் மலிவானதால், கருவி செய்பவர்கள் எதுவும் தொலையக் கூடாதென்று முற்றத்தைப் பெருக்கிவிட்டார்கள். நல்லெண்ணம்தான், வினை அதில்தான். வரிசையில் 1.5 மெகாபைட் தேங்கியதாகக் கொள்வோம். அது 12 மெகாபிட். 30 மெகாபிட் வழியில் அது கரைய 0.4 வினாடி, அதாவது 400 மில்லிவினாடி ஆகும். வாசகர் கண்ட எண் அதுதான்.

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்னும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. வரிசை எவ்வளவு நீளம் என்று அது கேட்பதே இல்லை. ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் பார்க்கிறது. திடீரென வந்து உடனே கரையும் கூட்டத்தை அது கண்டுகொள்வதில்லை. ஆனால் காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காமலேயே 100 மில்லிவினாடி கழிந்தால், ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிடுகிறது. தேக்கம் தீரவில்லையென்றால் கைவிடும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகிறது. அனுப்புகிறவர் இறங்கிவருகிறார். இதோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை வைத்தால், மோட்டார் சைக்கிள் லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பதிவிறக்க வரிசை தேங்குவது சேவை நிறுவனத்தின் பக்கம். அதை நம் வீட்டுக்கு இழுக்க, நம் ரௌட்டர் சற்றுக் குறுகலான வாசலாக வேண்டும். ஓபன்டபிள்யுஆர்டி மென்பொருள் உள்ள ரௌட்டரில் luci-app-sqm நிறுவி, Network பட்டியலில் SQM QoS பக்கத்தைத் திறந்து, Enable கட்டத்தைக் குறியிட்டு, இணையத்துக்குச் செல்லும் இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை இடுங்கள்: 30 மெகாபிட்டுக்கு 27000. அலகு கிலோபிட் என்பதால் 27 என்று இட்டு இணையமே படுத்துவிட்டதென்று பதறாதீர்கள். பதிவேற்றத்துக்கும் அப்படியே. வரிசை முறைக்கு cake என்பதைத் தேர்ந்தெடுங்கள்; கோடெல் வழியும் தனி வரிசைகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

பிறகு பெரிய பதிவிறக்கம் ஒன்றை ஓடவிட்டு, கேபிள் போட்ட கணினியில் பாருங்கள்:

```
ping 8.8.8.8
```

பிங் இருபதை ஒட்டி நின்றால் போதும். இன்னும் எகிறினால் 25000 ஆக்குங்கள். பதிவிறக்கம் 27ஐ எட்டாமலே தடுமாறினால் ரௌட்டரின் செயலி மூச்சுத் திணறுகிறது. சிம் அட்டை ரௌட்டரில் கோபுரத்தின் வேகம் மணிக்கு மணி மாறும். நிலையான எண் அங்கே சரிப்படாது. கேபிளில் அமைதியாக இருந்து வைஃபையில் மட்டும் எகிறினால், நெரிசல் வீட்டுக்குள்ளேயே காற்றில் இருக்கிறது. மகனின் கணினிக்கும் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.