கறுப்புக் கோகோவும் ஆப்பச்சோடாவும் சேர்ந்தால்

மண்டபம் ஊரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு தங்கச்சி போன மாதம் போன் செய்தாள். "அக்கா, கேக் நல்லா கறுப்பா வந்திருக்கு, ஆனா சரியா எழும்பல, வாயில வச்சா சோப்பு மாதிரி இருக்கு." ஆப்பச்சோடா கூடிவிட்டதோ என்று கேட்டேன். இல்லை, வழக்கமான அளவுதான்: ஒரு கப் மைதாவுக்கு அரை கப் கோகோ, அரை டீஸ்பூன் சோடா, தயிர் கிடையாது. மாறியது கோகோ மட்டும்தான். நிறம் நன்றாக இருக்கிறதே என்று புதிதாகக் கறுப்புக் கோகோ வாங்கியிருக்கிறாள்.

அங்கேதான் சிக்கல். சாதாரணக் கோகோ இளம்பழுப்பாக இருக்கும், இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பானது. அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் சோடா பொங்கி கேக்கை எழுப்புகிறது. கறுப்புக் கோகோ டச்சு முறையில் செய்வது, அதைப் புளிப்பை முறிக்கும் காரப்பொருள் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள், அதனால் நிறம் கறுக்கும், கசப்பு தணியும், புளிப்பும் போய்விடும். அப்புறம் சோடா எதோடு சேரும்? அடுப்புச் சூட்டில் ஓரளவு வாயு வரும், ஆனால் சோடாவின் காரத்தன்மை கேக்கிலேயே தங்கிவிடும், அதுதான் அந்தச் சோப்பு ருசி.

பாக்கெட்டின் பொருள் பட்டியலில் 500 அல்லது 501 என்று அமிலச் சீராக்கி எண் இருந்தால் பெரும்பாலும் அது டச்சு வகைதான். சந்தேகம் இருந்தால் கோகோவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு சிட்டிகை சோடா போடுங்கள். நுரைத்தால் சாதாரண வகை, சும்மா கிடந்தால் மற்றது. (இங்கே போர் தண்ணீர் உப்பு, அதனால் இந்தச் சோதனைக்கும் கேக்குக்கும் குடிதண்ணீரையே எடுங்கள்.)

அவளிடம் சோடாவை விட்டுவிட்டு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடச் சொன்னேன். பேக்கிங் பவுடருக்குள்ளேயே அமிலம் இருக்கிறது, அதனால் கோகோவின் புளிப்பு தேவையில்லை. மறுநாளே எழும்பிய கேக்கின் படம் வந்தது, நிறமும் கறுப்பாகவே இருந்தது.

அதோடு விடவில்லை. "கோகோவுக்குப் பதிலா சாக்லேட்டை உருக்கி ஊத்தினா இன்னும் ருசியா இருக்குமாக்கா?" பிரவுனி என்றால் சரி, அங்கே கனமும் ஈரமும்தான் வேண்டும். மெத்தென்ற கேக்குக்கு நான் கோகோவையே சொல்வேன். சாக்லேட்டோடு சர்க்கரையும் கோகோ வெண்ணெயும் சேர்ந்தே வருகின்றன, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்காமல் ஊற்றினால் கேக் கனத்துப்போகும். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில்தான் உருகும், எண்ணெய் போல எப்போதும் இளகி நிற்காது. நம் ஊர் வெயிலுக்குப் பயந்து கேக்கை எல்லோரும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறார்கள், அங்கே சாக்லேட் கேக் இறுகிக் கட்டியாகிவிடும். எண்ணெயும் கோகோவும் போட்ட கேக்கோ எடுத்த உடனேயே வெட்ட வரும்.