மதிப்பீட்டு அறிக்கையை வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள்

கடுமையான பணி மதிப்பீட்டைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது அநியாயம்தானே?" மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் கழித்த பிறகும் அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. ஓர் அறிக்கை முழுக்க நியாயமாகவோ முழுக்க அநியாயமாகவோ இருப்பது அரிது. ஒரே பத்தியில் இரண்டும் கலந்து கிடக்கும்.

கணக்குப் பிரிவில் மூத்த நிலையில் இருந்த ஒரு பெண்மணியின் அறிக்கை நன்றாக நினைவிருக்கிறது. 5க்கு 2 மதிப்பெண். கீழே இரண்டு வரிகள்: "அறிக்கைகள் எப்போதும் தாமதம். குழுவோடு ஒத்துப்போவதில்லை." இரண்டு நாள் தூங்கவில்லை என்றார். வேலையை விட்டுவிடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார்.

முதல் வரியை எடுத்துக்கொண்டோம். மாதாந்திரக் கணக்கறிக்கையை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் அவர் அனுப்ப வேண்டும். அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து, 12 மாதத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எட்டு அறிக்கைகள் உரிய நாளில் போயிருந்தன, நான்கு தாமதம். அந்த நான்கில் மூன்று, மதிப்பீட்டுக்கு முந்தைய கடைசி மூன்று மாதங்களில் வந்தவை. ஆண்டு முழுவதற்குமான மதிப்பீட்டை எழுத உட்காரும் மேலாளரின் மனத்தில் அண்மையில் நடந்ததே பெரிதாக நிற்கும். "எப்போதும்" என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. அந்தச் சொல் தவறு, அதை மறுக்க அவரிடம் சான்றும் இருந்தது.

அவர் முகம் தெளிந்தது. ஆனால் நான் அங்கே நிறுத்தவில்லை. "இந்த நான்கு முறையும் தாமதமாகும் என்று மேலாளருக்கு முன்கூட்டியே சொன்னீர்களா?" என்று கேட்டேன். மூன்று முறை கிளைகளிலிருந்து கணக்கு வந்து சேரவே 4ஆம் தேதி தாண்டிவிட்டதாம். தன் பிழை இல்லை என்பதால் சொல்லத் தோன்றவில்லை என்றார். ஒரு முறை, அறிக்கை தயாராகவில்லை என்பதே மேலாளருக்கு இயக்குநர்கள் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. தாமதத்துக்கு அவர் காரணமில்லாமல் இருக்கலாம். ஆனால் தகவல் சொல்லாதது அவர் பொறுப்பு. அறிக்கையில் எழுதப்படாத உண்மையான குறை இதுதான். குற்றச்சாட்டு தவறாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் அடியில் இருந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்தது.

"குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்பதில் நிகழ்வே இல்லை, வெறும் அபிப்பிராயம். இப்படிப்பட்ட வரியை எதிர்த்து வாதாடுவது வீண். "எந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்து இதை எழுதினீர்கள்? திருத்திக்கொள்ளக் கேட்கிறேன்" என்று மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். நேரில் திடீரென்று கேட்டால் நியாயமான மேலாளர்கூடத் திணறுவார். அதனால் ஒரு வாரம் அவகாசம் கொடுப்பது முக்கியம். ஒரு வாரம் கழித்தும் "பொதுவாக அப்படித் தோன்றுகிறது" என்றே பதில் வந்தது. ஆண்டில் ஒரு முறைகூட இதைப் பற்றி அவரிடம் பேசியதற்கான குறிப்பும் இல்லை. அந்த வரியை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மதிப்பெண்ணைத் தனியாக வைத்துப் பாருங்கள். பல நிறுவனங்களில் இத்தனை சதவீதத்தினர் கீழ்நிலையில் இருந்தாக வேண்டும் என்ற ஒதுக்கீடு உண்டு. மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013இல்தான் கைவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் மேலாளர் 3 கொடுத்திருந்தாலும் மேல்மட்டக் கூட்டத்தில் அது 2 ஆகியிருக்கலாம். "நீங்கள் முதலில் கொடுத்த மதிப்பெண் என்ன?" என்று கேட்டுப் பார்க்கலாம், பதில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எண்ணோடு மல்லுக்கு நிற்பதைவிட நிகழ்வுகளைப் பேசுவதில்தான் பலன் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். பேறுகால விடுப்புக்குப் பிறகோ, நீங்கள் ஒரு புகார் கொடுத்த பிறகோ, அதுவரை நன்றாக இருந்த மதிப்பீடு திடீரென்று சரிந்தால், முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகளைத் திரட்டிக்கொண்டு நேராக மனிதவளத் துறைக்கோ வழக்கறிஞரிடமோ போங்கள்.

அந்தப் பெண்மணி ஒரு பக்கத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்தார். 12 தேதிகள், கிளைக் கணக்குகள் வந்த நாள்கள், முன்கூட்டிச் சொல்லாதது தன் தவறு என்ற ஒரு வரி. கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. "எப்போதும்" என்பது "நான்கு முறை" என்று மாறியது, குழுவைப் பற்றிய வரி நீக்கப்பட்டது. மதிப்பெண் 2 ஆகவே நின்றது. அடுத்த மாதத்திலிருந்து 3ஆம் தேதி காலையில், எந்தக் கிளையின் கணக்கு இன்னும் வரவில்லை என்று மேலாளருக்கு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போகத் தொடங்கியது.