ஹூக் லைன்: தமிழில் தூண்டு வரி

ரீல்ஸ் விளம்பரம் எடுப்பவர்களிடம் படத்தைக் காட்டினால், முதலில் கேட்பது "ஹூக் என்ன?" என்பதுதான். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்தி வைக்கும் முதல் வரிக்கு அந்தப் பெயர். அந்த வரிக்கு மூன்று நொடிதான் நேரம் என்பார்கள். அந்தக் கணக்குக்கும் காரணம் உண்டு. ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கில் ஒரு வீடியோ மூன்று நொடி ஓடினால் அதைத் தனியாக எண்ணிக் காட்டுகிறது. விளம்பரம் ஆயிரம் முறை திரையில் வந்து, அதில் 300 முறை மூன்று நொடியைத் தாண்டினால் ஹூக் ரேட் 30 விழுக்காடு.

பழைய ஆங்கிலத்தில் 'ஹோக்' என்றால் வளைந்த இரும்பு. மீன் பிடிக்கும் முள்ளுக்கும் அதுவே பெயர். பிற்பாடு பாட்டில் திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டிக்கொள்ளும் பகுதியை ஹூக் என்றார்கள். இன்று விளம்பரத்தின் முதல் வரிக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் நேராக எடுத்தால் கொக்கி. ஆனால் கொக்கி சட்டையை மாட்டுவதற்கு. மனதை இழுக்கும் பொருள் அதற்கு இல்லை. அடுத்து வருவது தூண்டில். பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அதில் ஏமாற்று ஒட்டியிருக்கிறது. திருக்குறள் சூதாட்ட வெற்றியைத் 'தூண்டிற்பொன்' என்கிறது (குறள் 931). இரைக்குள் மறைந்த இரும்பை இரையென்று நினைத்து மீன் விழுங்குகிறது. பொன் என்பது அங்கே இரும்பு. "ஏழே நாளில் வெள்ளை" என்று தொடங்கும் வரிக்கு அந்தப் பெயர் சரி. நல்ல வரிக்கு நான் சொல்வது தூண்டு வரி. விளக்குத் திரியை மேலே ஏற்றிவிடுவதையும் தூண்டுதல் என்றே சொல்கிறோம். ஏற்கெனவே மனதில் இருக்கும் ஒரு கேள்வியை மேலே கொண்டுவருவதே இந்த வரியின் வேலை.

முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரியைப் பெயர்த்து, "நீங்கள் நிறம் மாறிய வைட்டமின் சி சீரத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்" என்று கொடுப்பார்கள். 'நிறுத்துங்கள்' வருவதற்குள் மூன்று நொடி போய்விடும். ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியம் வினையில் தொடங்கும். நமக்கு வினை கடைசியில். அதனால் தமிழில் வாக்கியத்தைச் சின்னதாக வெட்ட வேண்டும். மூன்று நொடிக்கு ஐந்தாறு சொல்தான் இடம். "உங்க சீரம் பழுப்பாயிடுச்சா?" மூன்றே சொல். மிச்ச நேரத்தைப் படத்துக்குக் கொடுக்கலாம்: வெள்ளைத் தாளின் மேல் டிராப்பரால் ஒரு புதிய சொட்டு, பக்கத்தில் கட்டன் சாயா நிறத்தில் ஒரு பழைய சொட்டு. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய; அதே வரியை எழுத்திலும் போட வேண்டும், அடியில் வரும் கேப்ஷன் மறைக்காத இடத்தில்.

இந்த வரி ஏன் நிற்கிறது? வைட்டமின் சி-யான அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மஞ்சளாகிக் கடைசியில் பழுப்பாகும், வீரியமும் குறையும். பார்ப்பவர் வீட்டு பாட்டிலை எடுத்து உடனே சரிபார்க்கலாம். அப்புறம் நான்காவது நொடியில் விற்பவர் தன் பாட்டிலின் இருண்ட கண்ணாடியையும் காற்றுப் புகாத பம்பையும் காட்டினால், கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: சில சீரங்கள் முதல் நாளே லேசான மஞ்சளாக இருக்கும், அதனால் வாங்கியபோது இருந்த நிறத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதையும் வீடியோவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தூண்டிலாக மாறிய வரியைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஹூக் ரேட் மேலே இருக்கும், ஐந்தாவது நொடியில் கூட்டம் சடசடவென்று கலையும். "ஒரே ராத்திரியில் கரும்புள்ளி போச்சு" என்ற வரி அப்படிப்பட்டது. நியாசினமைடு போன்ற பொருள் கரும்புள்ளியை மங்கச் செய்யவே பல வாரம் ஆகும். அது தெரிந்தவர் உடனே விலகுவார். தெரியாதவர் வாங்கிவிட்டு, திருப்பி அனுப்புவார்.

நிறத்தை வைத்துத் தூண்டுவதற்கு இந்தியாவில் தனி வரம்பு இருக்கிறது. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2014-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, கருத்த தோல் உள்ளவரை அழகில்லாதவராகவோ வருத்தத்தில் இருப்பவராகவோ காட்டக் கூடாது. "கருப்பா இருக்கிறதால வேலை கிடைக்கலையா?" என்ற தொடக்கம் அதோடு முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு பேசுபவர் என்றால், 2021 முதல் விளம்பரம் என்ற குறிப்பும் வேண்டும். 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் அது குறைந்தது மூன்று நொடி திரையில் நிற்க வேண்டும். எனவே வரியை எழுதும்போதே அந்தக் குறிப்புக்கும் ஒரு மூலையை ஒதுக்கிவிட வேண்டும்.