ஏற்புக் கூறெடுப்பு: 80 பீஸில் 5 பழுது எப்படித் தேறுகிறது?

திருப்பூரில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் மேசையருகே நின்றால் காதில் அடிக்கடி விழும் சொல் ‘ஏ.க்யூ.எல். இரண்டரை’. பழுதுக்கு வைத்த தர எல்லை இரண்டரை சதவீதம் என்று அதைச் சொல்வார்கள். 1,000 டி-சர்ட் கொண்ட ஒரு லாட்டில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் பழுது, அதாவது ஊசி ஓட்டையோ தையல் விட்டுப்போனதோ, 5 பீஸ் வரை இருந்தால் லாட் தேறும், 6 ஆனால் தேறாது. கணக்குத் தெரிந்த யாருக்கும் உடனே ஒரு கேள்வி வரும். 80இல் 5 என்றால் 6.25 சதவீதம் ஆயிற்றே, இரண்டரை சதவீத எல்லைக்குள் இது எப்படி அடங்கும்?

இந்தச் சோதனைக்குப் பாடநூல் தமிழில் ‘ஏற்புக் கூறெடுப்பு’ என்று பெயர். ஆங்கிலத்தில் அக்செப்டன்ஸ் சாம்ப்ளிங். அந்தக் கேள்விக்கான விடை ‘ஏற்பு’ என்ற முதல் பாதியில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பாதியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனால் ஒரு சிக்கல் வரும், அதை முதலில் தீர்த்துவிடலாம்.

சாம்பிள் என்பது லத்தீன் ‘எக்ஸெம்ப்ளம்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடி ‘எக்ஸிமேரே’, பொருள் ‘வெளியே எடு’. குவியலிலிருந்து வெளியே எடுத்தது என்பதுதான் மூலப்பொருள். ஆகவே தமிழில் ‘எடுப்பு’ என்று சேர்த்தவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள். உறுத்துவது ‘கூறு’. சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்கிறோம். அங்கே கூறு என்பது பங்கு பிரித்து வைத்த குவியல். லாட் என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் இதேதான்: யாருக்கு எந்தப் பங்கு என்று முடிவு செய்யக் குலுக்கிப் போட்ட மரத்துண்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயர், பிறகு பங்குக்கே ஆகிவந்தது. ஆக, நம் தெருவில் கூறு என்றால் லாட், புள்ளியியல் பாடத்தில் கூறு என்றால் சாம்பிள்! ‘மாதிரி’ என்று சொன்னாலும் ஒரு இடறல் உண்டு. ஆர்டருக்கு முன் பையருக்குத் தைத்து அனுப்பும் பீஸும் மாதிரிதான். நான் செய்வது இது: செயலுக்குக் கூறெடுப்பு, எடுத்த பீஸ்களுக்கு மாதிரி, லாட்டுக்குத் தொகுதி. தொகுதியைக் கூறு என்று மட்டும் ஒருபோதும் எழுதுவதில்லை.

சரி, ஏற்பு. இந்த முறைக்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும். அவர்களுடைய முக்கியக் கட்டுரை 1929இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தளவாடக் கொள்முதலுக்குப் பெரிய அளவில் இந்த வகைச் சோதனை தேவைப்பட்டது. அந்த வழியில் 1950இல் வந்த அமெரிக்க ராணுவத்தின் மில் ஸ்டாண்டர்ட் 105 அட்டவணைகள்தான் இன்று ஐ.எஸ்.ஓ. 2859 ஆகவும் இந்தியாவில் ஐ.எஸ். 2500 ஆகவும் புழங்குகின்றன. கொள்முதல் செய்பவர் ஒரு தொகுதியை வாங்கிக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்ற முடிவுக்காகப் பிறந்த முறை இது. தொகுதியில் எத்தனை சதவீதம் பழுது என்று அளந்து சொல்வது அதன் வேலை அல்ல.

ஒற்றைக் கூறெடுப்புத் திட்டத்தில் இரண்டே எண்கள். மாதிரி அளவு n, ஏற்பெண் c. அட்டவணையில் c என்பதை Ac என்றும், அதற்கு அடுத்த எண்ணான மறுப்பெண்ணை Re என்றும் போட்டிருப்பார்கள். நம் டி-சர்ட் தொகுதிக்கு இதைப் படிக்கும் விதம் எளிது. 1,000 என்ற எண் 501 முதல் 1,200 வரையிலான வரிசையில் வருகிறது. பொதுச் சோதனை நிலை இரண்டின் கீழ் அதற்கு உரிய எழுத்து ஜே. ஜே என்றால் n = 80. அந்த வரியில் ஏ.க்யூ.எல். 2.5 என்ற பத்தியில் Ac 5, Re 6.

இப்போது அந்த 5 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தொகுதியில் உண்மையிலேயே இரண்டரை சதவீதம் பழுது, அதாவது 25 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கண்ணை மூடி 80 எடுத்தால் சராசரியாக 2 பழுது வரும். ஆனால் கை எப்போதும் சராசரியில் போய் விழாது. ஒரு தடவை 0 வரும், ஒரு தடவை 4 வரும், அபூர்வமாக 5. ஏற்பெண்ணை 2 என்று வைத்தால், சொன்ன தரத்தில் தைத்துக் கொடுத்த தொகுதியே மூன்றில் ஒரு தடவை திரும்பி வரும். தைத்தவர்மேல் தவறில்லை, எடுத்த கையின் அதிர்ஷ்டம் அப்படி. அந்த அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டு வைத்த எண்தான் 5. அப்படி வைத்தால் இரண்டரை சதவீதத் தொகுதி 100க்கு 98 தடவைக்கு மேல் தேறிவிடும்.

ஆகவே ஏற்பெண் 5 என்பது ‘5 பழுது பரவாயில்லை’ என்ற அனுமதி அல்ல. அகப்பட்ட அந்த 5 பீஸையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மறுபக்கம் வாங்குபவருக்கானது. இதே திட்டத்தில் 5 சதவீதம் பழுதுள்ள தொகுதி 100க்கு ஏறத்தாழ 80 தடவை தேறிவிடும். 10 சதவீதம் பழுது இருந்தாலும் 17 தடவை தேறும். ‘இரண்டரை பாஸ், அப்படியானால் உள்ளே இரண்டரைக்கு மேல் இருக்காது’ என்று பையரிடம் சொல்பவர்கள் உண்டு. இந்த எண்கள் அதைத் தாங்காது. பெயரே இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏ.க்யூ.எல். முன்பு ‘ஏற்கத்தக்க தரநிலை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக இருந்தது. ஐ.எஸ்.ஓ.வின் 1999 பதிப்பு அதே மூன்று எழுத்தை ‘ஏற்புத் தர வரம்பு’ என்று பொருள்படும்படி மாற்றிவிட்டது. தமிழில் இன்னும் ‘ஏற்கத்தக்க’ என்று எழுதுபவர்கள் அதை விட்டுவிட வேண்டும். ‘தக்க’ என்ற சொல் பழுதுக்குச் சம்மதம் தருவதுபோல ஒலிக்கிறது. ‘ஏற்பு’ முடிவை மட்டும் குறிக்கிறது.

இதெல்லாம் 80 பீஸையும் குருட்டுவாக்கில் எடுத்தால்தான் செல்லும். 40 அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்போது வாசலோர நாலு பெட்டியைப் பிரித்து மேலடுக்கிலிருந்தே 80ஐயும் எடுத்தால், அது அந்த நாலு பெட்டியைப் பற்றிய சேதி மட்டுமே. ஒரே சைஸ், ஒரே லைனில் தைத்ததாகக்கூட இருக்கலாம். எல்லா சைஸும் எல்லா நிறமும் வரும்படி, அடுக்கின் நடுவிலும் அடியிலும் உள்ள பெட்டிகளை எண் சொல்லி இறக்க வேண்டும். அந்த எண்களை ஆய்வாளர் சொல்ல வேண்டும், பேக்கிங்காரர் அல்ல.

அடுத்த தப்பு இதைவிட மோசம். 6ஆவது பழுது வந்ததும், ‘இன்னொரு 80 எடுத்துப் பாருங்கள் சார்’ என்பார்கள். 10 சதவீதம் பழுதுள்ள தொகுதிக்கு முதல் தடவை இருந்த 17 என்ற வாய்ப்பு, இந்த ஒரு சலுகையால் ஏறத்தாழ 31 ஆகிவிடும். இரண்டாவது தடவை எடுப்பதற்கென்றே இரட்டைக் கூறெடுப்பு என்று தனித் திட்டம் இருக்கிறது. அதில் இதே ஜே எழுத்துக்கு முதலில் 50 பீஸ் மட்டும் எடுப்பார்கள், Ac 2, Re 5. நடுவில் 3 அல்லது 4 வந்தால்தான் அடுத்த 50. அப்போது இரண்டையும் சேர்த்து எண்ணி Ac 6, Re 7 என்று முடிவு செய்வார்கள். ஒற்றைத் திட்டத்தில் Acக்கும் Reக்கும் நடுவே எண்ணே கிடையாது. 5 வரை ஏற்பு, 6 என்றால் மறுப்பு. தொகுதி முழுவதையும் பிரித்து, பழுதைப் பொறுக்கி, சரிசெய்து, அப்புறம்தான் அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.