அகல டயர் போட்டால் மழையில் நன்றாகப் பிடிக்குமா?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் டயர் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். மழைக்கு முன்னால் மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் ஒரு பக்கம், வழுக்கி எங்காவது இடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். போன வாரம் வந்த ஸ்விஃப்ட் இரண்டாவது ரகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேங்கிய தண்ணீரில் ஏறியதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது, பிரேக் மிதித்தும் கேட்கவில்லை, சென்டர் மீடியனில் பம்பர் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அண்ணே, அகல டயர்தானே போட்டிருக்கேன், அப்புறம் எப்படி வழுக்குச்சு?" என்று கேட்டார். அகல டயர் போட்டதும் ஒரு காரணம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார். இந்தப் பேச்சை எத்தனை பேரிடம்தான் பேசுவது!

அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 165/80 R14. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் டயர் அளவும் காற்றின் அளவும் போட்டிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பதை மில்லிமீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம் அளவு, இன்ச்சில். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் ரிம், எல்லாம் சேர்த்தால் முழு உயரம் சுமார் 620 மில்லிமீட்டர்.

இவர் அதே ரிம்மில் 195/60 R14 போட்டிருக்கிறார். கணக்குப் போடுங்கள்: பக்கச்சுவர் 117 மில்லிமீட்டர், முழு உயரம் 590. வண்டி தரையை நோக்கி 15 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் குறைவாகத்தான் ஓடும். அதைவிட மோசம், அந்த ரிம் 5 இன்ச் அகலம். 195/60 டயருக்குக் குறைந்தது ஐந்தரை இன்ச் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். அளந்து பார்த்தேன்: ஓரத்துப் பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீட்டர் இருக்க, நடுப்பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர்தான். தண்ணீரை வாங்க வேண்டிய இடமே தேய்ந்துவிட்டது. மாட்டிக் கொடுத்த கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

அதே காரின் மேல் மாடல்களில் கம்பெனியே 185/65 R15 கொடுக்கிறது. அகலத்தைக் கூட்டிய இடத்தில் ரிம்மையும் ஒரு இன்ச் கூட்டி, பக்கச்சுவரைக் குறைத்து, முழு உயரத்தைச் சுமார் 622 மில்லிமீட்டரில் நிறுத்தியிருக்கிறார்கள். அகலம் கூட்டியே ஆக வேண்டும் என்றால் வழி இதுதான், ரிம்முக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் 85T என்பது போல ஒன்று இருக்கும். 85 என்றால் அந்த டயர் 515 கிலோ தாங்கும். உங்கள் பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணை மட்டும் வாங்காதீர்கள்.

சரி, அகலம் விஷயத்துக்கு வருவோம். "அகலமா இருந்தா ரோட்ல நிறைய ரப்பர் படும்ல?" என்பதுதான் எல்லோருடைய வாதமும். ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்றால் சாலையில் படியும் ரப்பரின் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அகல டயரில் அந்தப் பரப்பு அகலத்தில் நீண்டு, முன்பின்னாகக் குட்டையாகிறது, அவ்வளவுதான். காய்ந்த சாலையில் வேகமாக வளைய இது உதவும், மறுக்கவில்லை. மழையில் கதை வேறு. சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, நீங்கள் 80-இல் போகிறீர்கள் என்று வையுங்கள். 165 அகலமுள்ள டயர் ஒரு வினாடிக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீரை எதிர்கொள்கிறது. 195 என்றால் 13 லிட்டர். அதிகத் தண்ணீர், அதை விலக்கக் குறைந்த நீளம். விலக்க முடியாத தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து டயரைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாவது அப்போதுதான். காற்று குறைவாக இருந்தால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். "மழைக்குக் காத்தைக் கொஞ்சம் குறைச்சா நல்லா பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்தத் தண்ணீர் வெளியேற வழி, பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளம். டயரைச் சுற்றி ஓடும் அகலமான பள்ளங்கள் மூன்று நான்கு இருக்கிறதா, அவற்றிலிருந்து பக்கவாட்டில் போகும் வாய்க்கால்கள் ஓரம் வரை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஜீப் டயர் மாதிரி பெரிய பெரிய பட்டன் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அது சேற்றுக்கு. ஈரத் தாரில் பட்டனின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள்தான் கைகொடுக்கும். வி வடிவப் பட்டன் உள்ள டயர் தண்ணீரை நன்றாக விலக்கும், ஆனால் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும்படி மாட்ட வேண்டும். திருப்பி மாட்டிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் டயரிலும் அதே கவனம் வேண்டும்.

பள்ளம் தண்ணீரை விலக்குவதோடு சரி, மிச்ச ஈரத்தில் பிடிப்பது ரப்பர். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில டயர்களில் டிராக்‌ஷன் என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரம் போட்டிருக்கும். அது ஈரச் சாலையில் நேர்க்கோட்டில் நிற்கும் திறனுக்கான அமெரிக்கத் தரம். வளைவில் பிடிப்பதையோ தேங்கிய தண்ணீரில் மிதப்பதையோ அது சொல்லாது. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் மேகமும் டயரும் போட்ட படத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள், ஏ சிறந்தது, இ கடைசி. இரண்டும் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் "எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?" என்பதோடு நிறுத்தாமல் "மழையில் எப்படி?" என்றும் கேளுங்கள். ரொம்ப நாள் உழைக்கும்படி கெட்டியாகச் செய்த ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தயாரித்த தேதியையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 34-வது வாரம். வருடக்கணக்கில் கிடந்து இறுகிய டயரைப் புது டயர் என்று தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம்.

"பட்டன் இன்னும் இருக்குண்ணே" என்று சொல்லாதீர்கள், அளந்து பாருங்கள். பள்ளத்துக்கு நடுவில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படி அதற்கு மேல் ஓட்டக்கூடாது. நான் அதுவரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மழையில் நிற்கும் தூரம் கூடத் தொடங்கும், அக்டோபருக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டிய டயரை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி, புதுசு முன்னால்தானே போகணும் என்று மெக்கானிக்கே சண்டைக்கு வருவார். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை வைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், நம்மில் பெரும்பாலோரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அந்த ஸ்விஃப்ட்காரருக்கு நான்கும் 165/80 R14-ஆகவே மாட்டி, ஸ்டிக்கரில் உள்ளபடி காற்று அடித்துக் கொடுத்தேன். "பாக்க ஒல்லியா இருக்கேண்ணே" என்று இழுத்தார்.